முதியவர் வெளியே கிளம்புவாரா? நடைபாதை, பெஞ்சு, பேருந்து, கழிப்பறை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

புதிதாகப் போட்ட நடைபாதையும் பெஞ்சும் முதல் மாதத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். ஐந்தாறு வருடம் வெயிலும் மழையும் பட்டு, இரண்டு மூன்று முறை தோண்டி மூடிய பிறகும் முதியவர்கள் அதே தெருவில் நடமாடுகிறார்களா என்று பார்த்தால்தான் அது உண்மையில் உதவுகிறதா என்று தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி, 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டுத் தொகுக்கப்பட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்றும் நல்ல தொடக்கம் அதுதான். ஆனால் வசதிகளைத் தனித்தனியாக எண்ணி 'இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவோம். வீட்டு வாசலிலிருந்து கிளம்பித் திரும்பி வரும்வரை ஒரு முழுப் பயணத்தை எடுத்துக்கொண்டு, அதில் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 78 வயதுப் பெண்மணி. முழங்கால் தேய்மானம், கையில் தடி, காலையில் ஒரு நீர் மாத்திரை. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் 420 மீட்டர், இறங்கிய இடத்திலிருந்து மருத்துவமனை 180 மீட்டர். தடியோடு நடப்பவர் என்பதால் நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பார் என்று வைப்போம். அந்த வேகத்தில் முதல் பகுதிக்கு ஏறக்குறைய 9 நிமிடம் ஆகும். இடையில் இரண்டு முறை மும்மூன்று நிமிடம் உட்கார்ந்தால் 15 நிமிடம். பேருந்துக்காக 10 நிமிடம், பயணம் 20 நிமிடம், இறங்கி நடக்க 4 நிமிடம். ஆக ஒரு வழிக்கு 49 நிமிடம். மருத்துவரைப் பார்க்க 40 நிமிடம் என்று வைத்தால், போய்வர மொத்தம் 2 மணி 18 நிமிடம். இளைஞர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து 'பக்கத்தில்தானே' என்று சொல்லும் தூரம் இது.

இந்தப் பயணத்தை முதலில் முடக்குவது கால்வலி என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் கழிப்பறைதான் முடக்குகிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுவதால் கணக்கில் வருவதில்லை. ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும், ஆறு மணி நேரமாவது தாக்கம் இருக்கும். எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்குக் கிளம்புவது என்றால், போகும் வழி முழுவதும் உச்ச நேரத்திலேயே விழுகிறது, திரும்பும்போதும் தாக்கம் அடங்கியிருக்காது. மருத்துவமனைக்குள் கழிப்பறை இருந்தாலும் போக 49 நிமிடம், வர 49 நிமிடம் வழியில் எதுவும் இல்லை. அதனால் அவர் என்ன செய்கிறார்? மாத்திரையைத் தவிர்க்கிறார், அல்லது காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாத்திரையைத் தவிர்த்தால் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. தண்ணீர் குறைந்தால் தலைசுற்றுகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது, நடக்கும்போது விழும் ஆபத்து கூடுகிறது. மூன்றாவது வழி, வெளியே போவதையே நிறுத்திக்கொள்வது. மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது, பலருக்கு முடியும். ஆனால் ஒரு பேட்டையின் குறையை மாத்திரை நேரத்தால் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

கழிப்பறை கட்டிவிட்டால் போதாது, உள்ளே போய்ப் பாருங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் கீல்வாதம் வந்த விரலால் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும், திருகும் சிறு குமிழ் உதவாது. இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர், பக்கத்துச் சுவரில் எழுந்திருக்கப் பிடிமானக் கம்பி, பையை மாட்ட ஒரு கொக்கி. கொக்கி இல்லையென்றால் பை ஈரத்தரைக்குப் போகும், அதை எடுக்கக் குனியும்போதுதான் தடுமாற்றம். தானாக அணையும் விளக்கு இன்னொரு பொறி. அசைவு இல்லையென்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அணையும்படி வைத்திருப்பார்கள். மெதுவாக எழும் ஒருவர் இருட்டில் மாட்டிக்கொள்வார்.

காலப்போக்கில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், துப்புரவுக்கு ஒதுக்குவதில்லை. முதலில் மாலையில் சீக்கிரம் பூட்டப்படும், பிறகு சாவி யாரிடமோ இருக்கும், கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் துடைப்பமும் வாளியும் குடியேறும். முதியவர்கள் ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி அதை நம்பிக் கிளம்ப மாட்டார்கள். அதனால் பத்தில் எட்டு நாள் திறந்திருக்கும் கழிப்பறை அவர்களைப் பொறுத்தவரை இல்லாத கழிப்பறைதான். ஜெர்மனியில் ஆலன் நகரத்தில் தொடங்கிய ஒரு ஏற்பாடு இங்கே நன்றாகப் பொருந்தும். உணவகங்களும் கடைகளும் தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன, எதையும் வாங்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு அடையாள ஒட்டி இருக்கும், நகராட்சி அவர்களுக்கு ஒரு தொகை கொடுக்கும். சுத்தம் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கும் இடம் என்பதால் இது நீடிக்கிறது. குறை என்னவென்றால், கடை மூடும்போது கழிப்பறையும் மூடும். பழைய கட்டடங்களில் அது பெரும்பாலும் மாடியிலோ நிலவறையிலோ இருக்கும். ஒட்டியில் 'படி இல்லை' என்பதையும் நேரத்தையும் சேர்த்துப் போட்டால்தான் தடியோடு வருபவருக்குப் பயன்.

அடுத்து பெஞ்சு. முதியவருக்கு அது இளைப்பாறும் இடம் மட்டுமல்ல, நடக்கும் தூரத்தையே நிர்ணயிப்பது. நூறு மீட்டர் நடந்தால் உட்கார வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, முதல் பெஞ்சு 150 மீட்டரில் இருந்தால் அது கிடைக்காத பெஞ்சு. மக்கள் அதிகம் நடமாடும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒன்று என்று பிரிட்டனின் வழிகாட்டி சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் 420 மீட்டருக்கு எட்டு பெஞ்சு வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் நான்கு போடலாம், ஆனால் இடைவெளி சீராக இருக்க வேண்டும். பூங்கா வாசலில் மூன்று, மற்ற இடத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் வழக்கமாகக் காணும் தவறு.

உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் கடினம். எழும்போது பாதத்தைப் பின்னால் இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, கையை ஊன்றி எழுகிறோம். ஆகவே இருக்கைக்குக் கீழே குதிகால் போக வெற்றிடம் வேண்டும். அழகுக்காக வைக்கும் கனமான கல் திண்டுகளில் இது இருக்காது, முதுகுச் சாய்வும் கைப்பிடியும் இருக்காது. இளைஞர்கள் அதில் உட்காருவார்கள், முதியவர்கள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். இருக்கை உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர், கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கைப்பிடியில் ஊன்றினால் உடல் பின்பக்கமே இருக்கும், எழ முடியாது.

சில வருடம் கழித்து ஒன்று கவனிக்கத் தவறுகிறார்கள். நடைபாதையைப் பழையதைப் பெயர்க்காமல் மேலேயே கல் பதித்தால் தரை 8 சென்டிமீட்டர் உயரும், பெஞ்சு அப்படியே இருக்கும். 46 இருந்த இருக்கை 38 ஆகிவிடும். யாரும் எதையும் அகற்றவில்லை, ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த பெஞ்சு போய்விட்டது. டேப் வைத்து அளந்தால் மட்டுமே இது தெரியும். நிழலையும் ஒரே நேரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. காலையில் மர நிழலில் இருக்கும் எஃகு பெஞ்சு நான்கு மணிக்குத் தொட முடியாதபடி சுடும். மரப்பலகை அவ்வளவு சுடாது, ஆனால் அதற்கு வருடாவருடம் பராமரிப்பு வேண்டும்.

நடைபாதையில் பெரிய பள்ளத்தைவிடச் சிறிய மேடே ஆபத்து. நடக்கும்போது கால் விரல் நுனி தரையிலிருந்து உயர்வது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். பள்ளம் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போவோம். வேர் தள்ளிய கல்லின் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு தெரியாது, தடுக்கிவிடும். பார்த்து நடக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று இதை விட்டுவிடுவது நியாயமில்லை. கண்புரையோ இருபார்வைக் கண்ணாடியோ இருந்தால் காலடியில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும்.

இன்னொன்று, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனம் ஏற நடைபாதையை இறக்கி, மறுபடி ஏற்றும் வழக்கம். முழங்காலுக்கு இறங்குவதுதான் அதிக வலி. இருபது வாசல் உள்ள தெருவில் இருபது முறை இறங்கி ஏறச் சொன்னால் யாராக இருந்தாலும் சாலையிலேயே நடப்பார்கள். நடைபாதை காலியாகவும் முதியவர்கள் வண்டிகளுக்கு நடுவிலும் இருப்பதைப் பார்த்தால், காரணம் அநேகமாக இதுதான். நடைபாதையை ஒரே மட்டத்தில் ஓடவிட்டு, வாகனம் சரிவில் ஏறி வரும்படி அமைப்பதே சரி.

சாலையைக் கடப்பது எளிய கணக்கு. நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துப் பல இடங்களில் சிக்னல் நேரம் போடுகிறார்கள். 14 மீட்டர் சாலைக்கு அது 12 நொடி. நம் பெண்மணிக்கு 17 அல்லது 18 நொடி வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு சில நொடி கூடுதலாக எரிகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் நடுவில் 2 மீட்டர் அகலத் திட்டு இருந்தால் இரண்டு தடவையாகக் கடக்கலாம்.

தாழ்தளப் பேருந்தின் பலன் பேருந்தில் மட்டும் இல்லை. அதன் தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் விளிம்புக்கல்லை ஒட்டி நின்றால் ஏற வேண்டியது 18, பேருந்து பக்கவாட்டில் சாய்ந்து தாழ்ந்தால் இன்னும் குறைவு. நிறுத்தத்தில் வண்டிகள் நின்றிருந்தால் பேருந்து நடுச்சாலையில் நிற்கும். அப்போது 15 இறங்கி 33 ஏற வேண்டும். புதுப் பேருந்து வாங்கியும் முதியவர் எண்ணிக்கை கூடவில்லையென்றால், நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, எத்தனை பேருந்து விளிம்பை ஒட்டி நிற்கிறது என்று எண்ணுங்கள். உள்ளே ஏறியவர் உட்காரும் முன் வண்டி எடுப்பது அடுத்த ஆபத்து. மோதல் எதுவும் இல்லாமலேயே, கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் விழுந்து அடிபடும் முதியவர்கள் நிறைய. இதற்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்லக்கூடாது. இரண்டு நிறுத்தத்துக்கு இடையிலான நேரத்தை இறுக்கமாகப் போட்டால் அவர் காத்திருக்க முடியாது, அட்டவணையில் அந்த நொடிகளைச் சேர்க்க வேண்டும்.

பணம் குறைவாக இருக்கும்போது பேட்டை முழுக்கச் சிறிது சிறிதாகச் செய்வது வீண். முதியவர்கள் அதிகம் போகும் ஒரே ஒரு வழித்தடத்தை எடுங்கள். டேப்பும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, தடியோடு நடக்கும் ஒருவரோடு, அவர் வழக்கமாகக் கிளம்பும் நேரத்திலேயே நடந்து பாருங்கள். முதலில் வழியில் நம்பகமாகத் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை, பிறகு சீரான இடைவெளியில் பெஞ்சு, பிறகு வாசல் இறக்கங்களைச் சமன்செய்வது என்ற வரிசையில் செய்யலாம். பெஞ்சின் உயரத்தையும் கழிப்பறை திறந்திருந்த நாட்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். தெருவைத் தோண்டிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் முன், அதே நடையை மறுபடி நடக்க வேண்டும்.