அடித்த எண்ணா, மேலே எழுதிய எண்ணா: பழைய மழைத்தாள்களில் எதைப் பதிவது?

பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் காப்பகத்தில் பத்தாண்டு மழைத்தாள்கள் என்று ஒரு தொகுப்பு உண்டு. ஒரு தாள் ஒரு மழைமானிக்கு உரியது. ஆண்டுகள் பத்தும் நெடுக்கில், மாதங்கள் பன்னிரண்டும் கிடையில், அடியில் ஆண்டு மொத்தம், அளவுகள் எல்லாம் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரை. 2020-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் முன்னின்று நடத்திய ‘ரெய்ன்ஃபால் ரெஸ்க்யூ’ திட்டத்தில், இத்தகைய சுமார் 65,000 தாள்களின் ஸ்கேன் படங்களைப் பார்த்துத் தன்னார்வலர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைத் தட்டச்சு செய்தார்கள். இப்படிப்பட்ட வேலையில் இறங்கும் எவரையும் முதலில் தடுமாற வைப்பது மங்கிய மை அன்று. ஓர் எண்ணை அடித்துவிட்டு அதன் அருகிலோ மேலேயோ இன்னோர் எண் எழுதப்பட்டிருக்கும் கட்டம்தான்.

அங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. கடைசியாக எழுதப்பட்டதையே எடுத்துக்கொள்வது முதல் வழி. முதலில் எழுதப்பட்டதையே மூலமாக மதிப்பது இரண்டாவது. எந்த எண்ணைப் போட்டால் ஆண்டு மொத்தம் சரியாக வருகிறதோ அதைத் தேர்வது மூன்றாவது. மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நியாயம் எங்கே செல்லும் என்பது, திருத்தம் ஏன் நேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

பத்தாண்டுத் தாள் மழையை அளந்தவர் கையால் எழுதியது அன்று. அவர் அனுப்பிய விவரங்களிலிருந்து பின்னர் பெயர்த்தெழுதியது. எனவே அதிலுள்ள அடித்தல்களில் பெரும்பகுதி எழுத்தர் தன் கைப்பிழையைத் தானே கண்டு சரிசெய்தது என்று கொள்வதே பொருத்தம்: மார்ச் எண்ணை ஏப்ரல் வரிசையில் எழுதியிருப்பார், அல்லது இலக்கங்களை இடம் மாற்றியிருப்பார். இந்த நிலையில் முதல் வழியே சரி; அடிக்கப்பட்ட எண் எந்த மழையையும் குறிக்கவில்லை. முதலில் எழுதியதுதான் கலப்படமற்றது என்ற உணர்வு பெயர்ப்புத் தாளுக்குப் பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். ஒரு தாளில் ஆகஸ்டு கட்டத்தில் 3.40 என்பது கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே 3.04 என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்ற பதினொரு மாதங்களைக் கூட்டினால் 28.47 வருகிறது. அடியில் எழுதியுள்ள ஆண்டு மொத்தமோ 31.87, அதாவது அடித்த எண்ணைச் சேர்த்தால்தான் கணக்கு ஒத்துப்போகிறது, புதிய எண்ணைச் சேர்த்தால் 31.51 ஆகிவிடுகிறது. மூன்றாவது வழியைப் பின்பற்றுபவர் இங்கே தயங்காமல் 3.40 என்று பதிந்துவிடுவார். நான் பதிய மாட்டேன். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு நூறில் 36. அது ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும் என்பது கணக்கெழுதுவோர் அறிந்த பழைய சோதனை. இங்கே 4-உம் 0-உம் இடம் மாறியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆக இது புதிதாக அளந்த எண்ணாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெயர்த்தெழுதியபோது நேர்ந்த பிழையின் திருத்தம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். எழுத்தர் முதலில் தவறாக எழுதி, மொத்தத்தையும் அந்தத் தவறான எண்ணைக் கொண்டே கூட்டி, பிறகு சரிபார்க்கையில் ஆகஸ்டை மட்டும் திருத்திவிட்டு மொத்தத்தைத் தொடாமல் விட்டிருக்கலாம்.

“இருக்கலாம்” என்பதற்கு மேல் அந்தத் தாள் சொல்லாது. மொத்தமும் மூல விவரத்திலிருந்தே பெயர்க்கப்பட்டிருந்தால் கதை தலைகீழாகிறது. அப்போது திருத்தம்தான் பிழை. எனவே தாளுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். ஜி. ஜே. சைமன்ஸ் 1860-களில் தொடங்கிய ‘பிரிட்டிஷ் ரெய்ன்ஃபால்’ ஆண்டு வெளியீட்டில் நிலையங்களின் ஆண்டு மொத்தங்கள் அச்சாகியுள்ளன, அங்கே 31.51 என்று இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. 31.87 என்று இருந்தால் தீரவில்லை, ஏனெனில் அதே தவறான கூட்டலே அச்சுக்கும் போயிருக்கக்கூடும். பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிடுவது இங்கே அதிகம் உதவாது. வேறுபாடு சுமார் 9 மில்லிமீட்டர்தான். கோடை இடிமழைக் காலத்தில் அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையே அந்த அளவு வேறுபாடு இயல்பானது.

ஆகவே மொத்தம் ஐயத்தை எழுப்பப் பயன்படட்டும்; எண்ணைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அதனிடம் தரக்கூடாது. மொத்தத்துக்கு ஏற்ப மாத எண்ணைத் தேர்ந்துவிட்டால், அதே மொத்தத்தை வைத்து அடுத்து செய்யும் சரிபார்ப்புக்குப் பொருளே இல்லாமல் போகிறது. பிழை இருந்த தடமும் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது வழிக்கு உண்மையான வலு கிடைப்பது வேறோர் இடத்தில். ஒரு முழு நெடுக்கில் எல்லா மாதங்களும் அடிக்கப்பட்டு, வேறு மையில் புதிய எண்கள் எழுதப்பட்டிருந்தால் அது கைப்பிழையாக இருக்க முடியாது. பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் 2.56-ஐ ஒட்டியே வந்தால் காரணம் பிடிபட்டுவிடும்: 8 அங்குல வாய் கொண்ட மழைமானியில் சேர்ந்த நீரை 5 அங்குல மானிக்குரிய அளவுக்குவளையில் ஊற்றி அளந்திருக்கிறார்கள். வாய்ப்பரப்புகளின் விகிதம் 64-க்கு 25, அதாவது 2.56. இங்கே அடித்த எண்தான் அளந்தவர் கண்ணால் கண்டது. புதியது அலுவலகத்தில் கணக்கிட்டு எழுதியது. ஆய்வுக்குப் புதிய எண்ணே வேண்டும் என்றாலும் பழையதை விட்டுவிடக் கூடாது. இல்லாவிட்டால், அதே குறையை வேறு ஆவணத்தில் படித்த ஒருவர், ஏற்கெனவே திருத்திய எண்ணை மறுபடியும் 2.56-ஆல் வகுத்துவிடுவார்.

எண்ணின் மீதே எண் எழுதியிருந்தால், எது பிந்தியது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. 1-ஐ 4 ஆக்கலாம், 0-வை 6 ஆக்கலாம், 3-ஐ 8 ஆக்கலாம். கோடு சேர்ப்பது எளிது, கழிப்பது கடினம். ஆகையால் ஒரே தடிமனில் 3-உம் 8-உம் கலந்து தெரிந்தால் பிந்தியது 8 என்பதற்கே வாய்ப்பு அதிகம். மெல்லிய 8-இன் மேல் அழுத்தமான 3 தெரிந்தால் 3. வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த படத்தில் இந்த அழுத்த வேறுபாடு அழிந்துபோகும். வண்ணப்படம் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குவது நல்லது.

ஆகவே என் தேர்வு, முதல் வழியை விதியாக வைத்து, மற்ற இரண்டும் தரும் தகவலைத் தனித் தனிப் பத்திகளில் காப்பது. மேலே சொன்ன ஆகஸ்டு கட்டம் இப்படிப் பதிவாகும்:

```
month,value,struck,flag
08,3.04,3.40,total_mismatch
```

பலர் தனித்தனியே தட்டச்சு செய்யும் திட்டங்களில் இந்த விதியை முன்கூட்டியே எழுத்தில் தந்துவிட வேண்டும். இல்லையேல் இருவர் 3.04 என்றும் மூவர் 3.40 என்றும் பதிவார்கள். பெரும்பான்மை பார்த்து முடிவு செய்தால், அடித்த எண் தெளிவாகத் தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக அது வென்றுவிடும்.

அடித்த எண்ணுக்கு மாற்றாக எதுவும் எழுதப்படாத கட்டத்தில் `value` பத்தியை வெறுமையாக விட்டு, அடித்த எண்ணை `struck` பத்தியில் மட்டும் பதிய வேண்டும். அங்கே 0.00 என்று இட்டால், அந்த மாதம் மழையே பெய்யவில்லை என்று பொருளாகிவிடும். தாளில் அப்படி யாரும் எழுதவில்லை.