ஐந்தாம் பந்தியில் ஒளிந்த செய்தி: வெட்டுவதா, தூக்குவதா, மாற்றி எழுதுவதா?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் நிர்வாகம் நம் பத்திரிகைக்கு ஓர் ஊடக அறிக்கை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஆறு பந்தி. முதல் இரண்டில், தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் புதிய பிள்ளை மடுவத்தின் திறப்பு விழா. மூன்றாவதில் முகாமையாளரின் பெருமிதம், நான்காவதில் கம்பனி வரலாறு. ஐந்தாவதில் இப்படி ஒரு வரி: “வினைத்திறனை மேம்படுத்தும் நோக்கில் மேற்பிரிவுத் தொழிற்சாலையின் செயற்பாடுகள் அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் கீழ்ப்பிரிவுடன் ஒருங்கிணைக்கப்படும்.” ஆறாவதில் நன்றி. பக்கத்தில் இடமோ 120 சொல்லுக்குத்தான்.

அடியிலிருந்து வெட்டுவது பழைய பழக்கம். முக்கியமானது மேலே இருக்கும் செய்திக்கு அது சரி. இங்கே அப்படி வெட்டினால் முதலில் போவதே, தொழிற்சாலை மூடப்படலாம் என்ற செய்திதான்; மிஞ்சுவது ரிப்பன் வெட்டும் படம். இந்த வழியை விட்டுவிடலாம்.

ஐந்தாம் பந்தியைத் தூக்கி முதலில் வைப்பது வேகமான வழி. அவசரத்தில் பலரும் செய்வது இதுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம். “இந்நாள் எமது தொழிலாளர் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியான நாள்” என்று முகாமையாளர் சொன்னது பிள்ளை மடுவத்தைப் பற்றி. அந்த வரி இப்போது தொழிற்சாலைச் செய்திக்குக் கீழே வந்து நிற்கும். வாசிப்பவர், தொழிற்சாலை போவதில் அவருக்குச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொள்வார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் அவர் சொல்லாததைச் சொல்ல வைத்தாயிற்று. படமும் அப்படித்தான். தூக்குவதென்றால் மேற்கோளையும் படத்தையும் கழற்றிவிட்டுத் தூக்க வேண்டும்.

மாற்றி எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். இந்த அறிக்கைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். காரணம், “ஒருங்கிணைக்கப்படும்” என்ற வினையில் யார் செய்கிறார், யாருக்கு என்ன ஆகிறது என்ற இரண்டுமே இல்லை. அறிக்கைகளில் செய்தியைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: திகதியோடு வருகிற, செய்பவர் இல்லாத எதிர்கால வினை. சரி, அதற்காக “தொழிற்சாலை மூடப்படுகிறது” என்று நாமே எழுதிவிட முடியுமா? முடியாது. பகுதி நேரம் ஓடலாம், தரம் பிரிக்கும் வேலை மட்டும் அங்கேயே நடக்கலாம். தோட்ட முகாமையாளரின் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டும். மூடுகிறீர்களா, அங்கே வேலை செய்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவரிடமும் ஒரு வார்த்தை.

மூடுவது உறுதியானால் முகப்பு வரி இவ்வளவுதான்: “மேற்பிரிவுத் தேயிலைத் தொழிற்சாலை அடுத்த மாதம் முதலாம் திகதி மூடப்படும் எனத் தோட்ட நிர்வாகம் தெரிவித்துள்ளது.” அடுத்த வரியில் ஆட்களின் எண்ணிக்கையும் அவர்களுக்கான ஏற்பாடும், பிறகு சங்கத்தின் பதில். பிள்ளை மடுவத்துக்குக் கடைசியில் ஒரு வாக்கியம் போதும். இடமிருந்தால் மேற்கோளோடும் படத்தோடும் அதைத் தனிச் செய்தியாகவே போடலாம்.

அச்சுக்குப் போகும்வரை அலுவலகம் பதில் தராவிட்டால், “ஒருங்கிணைக்கப்படும்” என்பதை மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டு, மூடப்படுகிறதா என்ற கேள்விக்கு நிர்வாகம் பதிலளிக்கவில்லை என்று அதன் கீழேயே எழுதிவிட வேண்டும்.