லோகோவை நீக்கித் தருகிறேன் என்பவருக்கு மீதிப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பொருள் படத்திலிருந்து அச்சிட்ட லோகோவைச் சுத்தமாக நீக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அவர் பெயரைப் போடவில்லை. அவர் செய்த வேலை எப்படி இருந்தது என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். அதே மாதிரி வேலையை வேறு யார் உங்கள் தலையில் கட்டினாலும் அப்போது தெரிந்துவிடும்.

படத்தில் இருந்தது கரும்பச்சைப் பவுடர் கோட்டிங் போட்ட ஸ்டீல் தண்ணீர் பாட்டில். தயாரிப்பாளர் அனுப்பிய மாதிரியில் அவர்களுடைய லோகோ வெள்ளையில் அச்சாகியிருந்தது. நாங்கள் விற்கப் போவது எழுத்தே இல்லாத பாட்டில். வாங்குபவர் கைக்கு வருவதுதான் படத்திலும் இருக்க வேண்டும் என்பதால், தயாரிப்பாளரின் சம்மதத்தோடுதான் அதை நீக்கச் சொன்னோம். (அடுத்தவர் பிராண்டை மறைத்துத் தன் பொருளாகக் காட்டுவது வேறு கதை. அதற்கு இந்தப் பதிவு இல்லை.)

அவர் முதலில் ஒரு சின்ன முன்னோட்டப் படம் அனுப்பினார். கைபேசியில் பார்த்தபோது குறையே தெரியவில்லை. மீதிப் பணம் வந்த பிறகுதான் முழு அளவுப் படம் தருவேன் என்றார். கொடுத்தோம். படம் வந்தது. 100 சதவீத அளவில் திறந்ததுமே வயிறு எரிந்தது.

பவுடர் கோட்டிங் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்காது. கிட்டே போனால் நுண்ணிய மணல் ஒட்டியது போல ஒரு சொரசொரப்பு தெரியும். லோகோ இருந்த இடத்தில் அது அறவே இல்லை. யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்டது போல ஒரு வழுவழுத் திட்டு. அதன் ஓரத்தில், எழுத்துகள் இருந்த இடத்தைச் சுற்றி லேசான வெண்புகை. கொஞ்சம் கீழே, ஒரே புள்ளிக் கூட்டம் அச்சுப் பிசகாமல் பக்கத்துப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. போட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்ப் கருவியால் ஒரே இடத்திலிருந்து எடுத்து எடுத்து ஒற்றியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது.

இந்த வேலையில் உண்மையான சிக்கல் ஒன்றுதான். படத்தின் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சமும் சொரசொரப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தெரிந்தவர்கள் அவை இரண்டையும் தனித்தனி லேயராகப் பிரித்துக்கொள்வார்கள். அதே படத்தை இரண்டு லேயராக நகலெடுத்து, கீழ் லேயரைச் சொரசொரப்பு மறையும் அளவுக்கு மட்டும் காஸியன் பிளர் செய்து, மேல் லேயரில் Apply Image வழியாக அந்த மங்கலான படத்தைக் கழித்துவிட வேண்டும். 8 பிட் படமென்றால் Subtract, Scale 2, Offset 128. பிறகு மேல் லேயரின் Blend Mode-ஐ Linear Light ஆக்கினால் படம் பழையபடி தெரியும். இப்போது வெளிச்சம் கீழே, சொரசொரப்பு மேலே. ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது.

அந்த வெண்புகை எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கேதான் புரியும். பிளர் செய்யும்போது வெள்ளை எழுத்தின் நிறம் அக்கம்பக்கத்துப் பச்சைக்குள்ளும் பரவிவிடும். கீழ் லேயரைச் சரிசெய்யும்போது தேர்ந்தெடுக்கும் பகுதியை எழுத்தின் விளிம்போடு நிறுத்தினால், பரவிய வெள்ளை அப்படியே நின்றுவிடும். பிளர் ஆரம் எத்தனை பிக்சலோ, அதைப் போல இரண்டு மூன்று மடங்காவது அந்தப் பகுதியை வெளியே விரிக்க வேண்டும்.

மேல் லேயரில் சொரசொரப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பாட்டில் உருளை வடிவம். இடமிருந்து வலமாகப் போகப் போக வெளிச்சமும் மாறும், விளிம்பை நெருங்கும்போது புள்ளிகளும் நெருங்கி ஒடுங்கித் தெரியும். மேலும் கீழும் மட்டும்தான் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால் லோகோவுக்கு நேர் மேலே அல்லது நேர் கீழேயிருந்து எடுக்க வேண்டும், அதுவும் இடத்தை மாற்றி மாற்றி. நம்மவர் பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தார். பாட்டிலின் நெடுக ஓடும் ஒளிக்கோடு லோகோ இருந்த இடத்தில் வந்ததும் உடைந்து, சற்று விலகி, மறுபடி தொடர்ந்தது. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் பாட்டிலே தெரியாது, அந்த உடைசல்தான் தெரியும்.

இன்னொன்று. பாட்டில் நின்றது பளபளப்பான மேசைமேல். மேசையில் விழுந்த பிரதிபலிப்பில் லோகோ தலைகீழாக அப்படியே இருந்தது! பாட்டிலில் இல்லாத எழுத்து பிரதிபலிப்பில் மட்டும் நிற்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதெல்லாம் திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது வேறு. நாங்கள் கொடுத்தது 6000 க்கு 4000 பிக்சல் படம். திரும்பி வந்ததும் அதே அளவுதான். ஆனால் லோகோவுக்குச் சம்பந்தமே இல்லாத மூடியின் வரிகள்கூட மங்கலாக இருந்தன. சந்தேகப்பட்டு மூலப் படத்தின் மேல் அவர் படத்தை வைத்து, லேயரை Difference ஆக மாற்றினேன். இரண்டு படமும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். லோகோ இருந்த இடமும் பிரதிபலிப்பும் மட்டும் தெரிந்தால் வேலை நேர்மையானது. ஜேபெக்காகச் சேமித்திருந்தால் ஆங்காங்கே மங்கலான பொடி தெரியலாம், அது பரவாயில்லை. எனக்குத் தெரிந்ததோ மூடி, கைப்பிடி, மேசை விளிம்பு என்று முழுப் படத்தின் கோட்டோவியம். சின்னப் படத்தில் வேலையை முடித்துவிட்டு அதை 6000 பிக்சலுக்கு இழுத்துப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார். முழு அளவில் வேலை செய்வதாகச் சொல்லி வாங்கிய பணம் அது.

கேட்டதற்கு, "உங்க மானிட்டர் பிரச்சினையா இருக்கும் சார்" என்றார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும், திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார். லேயரோடு உள்ள பிஎஸ்டி கோப்பைக் கேட்டேன். அதைத் தருவது வழக்கமில்லையாம். அதன் பிறகு பதிலே இல்லை.

வேறொருவரிடம் போனோம். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டிலோட பின்பக்கம் வெறுமையா இருக்கா?" இருந்தது. கேமராவையும் விளக்கையும் அசைக்காமல், பாட்டிலை அரைச் சுற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதிலிருந்து லோகோ பகுதியையும் மேசைப் பிரதிபலிப்பையும் மட்டும் மாஸ்க் போட்டு முதல் படத்தில் பொருத்தினார். அந்த இடத்தில் வந்திருப்பது உண்மையான சொரசொரப்பு, உண்மையான ஒளிக்கோடு. பொருள் கையில் இருக்கும்வரை இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. பின்பக்கமும் அச்சு இருந்தால், அல்லது பொருளைத் திருப்பித் தந்துவிட்டால்தான் லேயர் பிரிக்கும் வேலை தேவைப்படும்.

ஆகவே மீதிப் பணம் கேட்கிறார்கள் என்றால், லோகோ இருந்த பகுதியை மட்டும் முழு அளவில் வெட்டி, மேலே வாட்டர்மார்க் போட்டாவது அனுப்பச் சொல்லுங்கள். அதோடு லோகோவைத் தொடாத ஒரு ஓரத்தையும் வெட்டிக் கேளுங்கள், படம் இழுக்கப்பட்டதா என்று அது காட்டிவிடும். வந்ததும் லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை நகர்த்திகள் இரண்டையும் அந்த இடத்தின் நிறத்தை நெருக்கி வையுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத திட்டும் எழுத்தின் நிழலும் பளிச்சென்று எழுந்து வரும். பிஎஸ்டி கோப்பு சேர்த்துத்தான் இந்தக் கட்டணம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சின்ன முன்னோட்டம் மட்டும்தான் தருவேன் என்பவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.