சல்பேட் இல்லாத ஃபேஸ்வாஷ்: 14 மாதம், 5 பாட்டில், மண்டபத்து உப்புத்தண்ணி

போன வாரம் கீழக்கரையிலிருந்து மதினி போன் பண்ணினாங்க. "மருந்துக்கடையில இருக்கிறவ நீ, சொல்லு. நீ போடுற அந்த சல்பேட் இல்லாத ஃபேஸ்வாஷ் 349லேருந்து 199க்கு இறங்கியிருக்கு. ரெண்டு வாங்கி வச்சுக்கவா?" உடனே பதில் சொல்ல வரவில்லை. 14 மாதமாகப் போடுகிறேன், ஐந்தாவது பாட்டில் ஓடுகிறது. ஆனாலும் அதன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் இருக்கிற எங்கள் வீட்டு போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. குளியல் சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாக வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திரிந்துபோய் ஒட்டும். தண்ணியில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது, அதுதான் காரணம். இந்த ஃபேஸ்வாஷ் அதே தண்ணியில் இரண்டு சொட்டிலேயே பொங்கி நுரைக்கும். சன்ஸ்கிரீன், வியர்வை, கடல்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு எல்லாம் ஒரே கழுவலில் போய்விடும். இந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கோபம் அதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது. முகம் துடைத்துவிட்டு நிற்கும்போது கன்னம் இழுத்துப் பிடிக்கும். சிரித்தால் வாயோரம் தோல் சுருங்குவது தெரியும். ஆறாம் மாதத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் உமி மாதிரி தோல் உரிந்தது. கச்சான் காற்று அடிக்கிற காலம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் "சல்பேட் இல்லை" என்று இருந்ததால் பாட்டில்மேல் சந்தேகமே வரவில்லை.

பதினோராம் மாதம் கடையில் சரக்கு அடுக்கும்போதுதான் பின்பக்கத்தில் இருக்கிற பொருள் பட்டியலைப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்தபடியாக இருந்த பெயர் சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட். பெயரின்படி பார்த்தால் இது சல்பேட் கிடையாது, அதனால் முன்பக்க எழுத்து பொய் ஆகாது. சல்பேட்டில் கந்தகத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் ஓர் ஆக்சிஜன் இருக்கும், சல்ஃபோனேட்டில் நேரடியாகப் பிணைந்திருக்கும். தோலுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. எண்ணெயை உருவி எடுப்பதில் இது, பல ஃபேஸ்வாஷில் நுரைக்காகச் சேர்க்கிற லாரெத் சல்பேட்டுக்குச் சளைத்ததே இல்லை. எங்கள் தண்ணி மாதிரி கால்சியம் அதிகமுள்ள கடினநீரிலும் நன்றாக நுரைப்பது இதன் இயல்பு. நான் மெச்சிய நுரையும் என்னைப் படுத்திய இறுக்கமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

கடைக்கு வருகிறவர்கள் "சல்பேட் கேன்சர் வருமாமே" என்று கேட்கிறார்கள். 1990களின் கடைசியில் மின்னஞ்சலில் சுற்ற ஆரம்பித்த வதந்தி அது, ஆதாரம் கிடையாது. ஆனால் தோலை எரிச்சல்படுத்தும் என்பது உண்மை. சோடியம் லாரில் சல்பேட்டைத் தோல் ஆராய்ச்சியில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அதைத் தோலில் வைத்து மூடி மணிக்கணக்கில் ஒட்டி வைப்பார்கள். நாம் அரை நிமிடம் தேய்த்துக் கழுவிவிடுகிறோம்.

இந்த அழுக்கு நீக்கிகள் எல்லாவற்றுக்கும் எண்ணெயைப் பிடிக்கிற வால் ஒன்று, தண்ணியைப் பிடிக்கிற தலை ஒன்று. தண்ணியில் பலவும் வாலை உள்ளே மடக்கி உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், அழுக்கு எண்ணெய் அந்த உருண்டைக்குள் போய்விடும். உருண்டையில் சேராமல் தனியாகத் திரிகிறவைதான் அதிகத் தொந்தரவு. அவை சிறியவை, தோலுக்குள் நுழைந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை உப்ப வைக்கும், தோலின் சொந்தக் கொழுப்பையும் கிளப்பிவிடும். லாரெத் சல்பேட்டின் தலை லாரிலைவிடப் பெரியது, அதனால் கொஞ்சம் சாது. அதோடு கோகமிடோப்ரொப்பைல் பீட்டெய்ன் என்கிற இன்னொரு மென்மையான நீக்கியைச் சேர்த்தால் தனியாகத் திரிகிறவையும் உருண்டைக்குள் இழுக்கப்படும், எரிச்சல் இன்னும் குறையும். ஆக, சல்பேட் இருக்கா இல்லையா என்பதைவிட எந்த வகை, எவ்வளவு, கூட என்ன சேர்ந்திருக்கு என்பதுதான் கேள்வி.

எங்கள் அத்தை கருவாடு காயப்போட்டுவிட்டு வந்து குளியல் சோப்பில்தான் முகம் கழுவுவாங்க. "இதுல அதெல்லாம் கிடையாதுல்ல?" என்று கேட்டாங்க. கிடையாதுதான். ஆனால் தோலின் பி.எச். 5 பக்கம், லேசான அமிலம்; சோப்பு 9, 10 வரை போகும், அது காரம். சல்பேட் துளியும் இல்லாத சோப்பு பல சல்பேட் ஃபேஸ்வாஷைவிடத் தோலை அதிகம் வறட்டும்.

சந்தேகம் வந்த பிறகு ஒரு மாதம் சோதித்துப் பார்த்தேன். இடது கன்னத்துக்கு லாரெத் சல்பேட்டும் பீட்டெய்னும் உள்ள பழைய ஃபேஸ்வாஷ், வலது கன்னத்துக்கு இது. கழுவியபின் பத்து நிமிடம் எதுவும் பூசாமல் கவனிப்பது. முதல் இரண்டு வாரம் முழுக்க போர் தண்ணி. வலது பக்கம் தினமும் இழுத்தது. இடது பக்கமும் இழுத்தது, ஆனால் குறைவு. அடுத்த இரண்டு வாரம் போர் தண்ணியில் கழுவிவிட்டு, கடைசியாக, குடிக்க வைத்திருக்கிற காவிரித் தண்ணியில் ஒரு சொம்பு எடுத்து அலசினேன். இடது பக்கம் இறுக்கம் போயே போச்சு. வலது பக்கம் பாதியாகக் குறைந்தது, மூக்கோர உரிதலும் நின்றது.

இதை மறைத்தால் அநியாயம். குற்றத்தில் பாதி எங்கள் தண்ணிக்கு. கடினநீரில் இந்த நீக்கிகள் தோலில் அதிகமாகத் தங்கிவிடுகின்றன, அதே தண்ணியில் அலசினால் முழுதாகப் போவதில்லை. குடிக்கிற தண்ணியை முகத்துக்குச் செலவழிப்பதா என்று அத்தை முறைத்தாங்க. ஒரு சொம்புதான், அதற்குப் பலன் இருக்கிறது.

மென்மையாகவே வேண்டும் என்றால் சோடியம் கோகாய்ல் ஐசெதியோனேட், டெசில் குளுகோசைடு போன்ற பெயர்கள் தண்ணீரை ஒட்டி முன்னால் இருக்கிறதா பாருங்கள். எங்கள் தண்ணியில் பொங்கி நுரைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குளுகோசைடும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்போ சிவப்போ வந்தால் அது வெறும் வறட்சி இல்லை, நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

மதினிக்கு முகம் வறண்ட தோல், வீட்டிலும் போர் தண்ணிதான். "199க்கு இல்ல மதினி, 99க்குக் கொடுத்தாலும் வேண்டாம்" என்றேன். முன்பக்கம் அவ்வளவு பெரிதாக எழுதிவிட்டு, பின்பக்கம் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் விஷயத்தை வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்தாவது பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. வெயிலில் சன்ஸ்கிரீன் அப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போய்வருகிற நாளில் இதைத்தான் எடுக்கிறேன், பக்கத்திலேயே சொம்பில் காவிரித் தண்ணியோடு.