சிவப்பாகாத வரி: எங்கள் வேலைப் பட்டியல் ஷீட்டோடு ஒரு மாரியும் ஒரு கோடையும்

வவுனியாவில் சின்னதாக ஒரு வயரிங் குழு நடத்துகிற நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்கள் வைச்சிருக்கிற அந்தச் சரி போடுற ஷீட்டை நாங்களும் எடுக்கலாமோ?" போனில் சொல்லி முடிகிற விடயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிற சின்னக் குழு. தோட்டக் கிணறுகளுக்கு சோலர் பம்ப் பூட்டிக் கொடுப்பதுதான் தொழில். பரந்தன், தருமபுரம், விசுவமடு, சில வேளை ஒட்டுசுட்டான் வரை போவோம். கூகுள் ஷீட்ஸில் ஓடுகிற ஒரு இலவச வார்ப்புருவை எடுத்துத்தான் தொடங்கினோம். யாரோ செய்து பொதுவில் விட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, முடிந்தால் சரி போட ஒரு பெட்டி, மேலே எத்தனை சதவீதம் முடிந்தது என்று நீளுகிற பச்சைப் பட்டை, திகதி தாண்டினால் சிவப்பாகிற வரி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது அந்தச் சிவப்பைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒழுங்காக வேலை செய்கிற நாளில் அதைவிட உதவியான ஒன்று எங்கள் குழுவுக்கு வாய்க்கவில்லை. காலையில் சாமான் ஏற்றுவதற்கு முன் எல்லோரும் போனைப் பார்ப்போம். எது சிவப்போ அது முதல் வேலை. யாரும் யாரையும் ஏச வேண்டியதில்லை, "அண்ணை, அந்தக் கொங்கிறீற் என்னாச்சு?" என்று கேட்டுத் திரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் எங்களுக்கு அது காலையில் சிவக்காமல் மதியம்தான் சிவந்தது. 9ஆம் திகதி முடிக்க வேண்டிய வேலை முடியாவிட்டால் 10ஆம் திகதி விடிய வரி சிவப்பாக நிற்க வேண்டும். 10ஆம் திகதி காலை 7 மணிக்குப் பார்த்தால் வெள்ளையாக நிற்கும். பெடியள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இருந்து பார்த்தால் சிவப்பு! பிழை போனில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காரணம் வார்ப்புருவின் நேர வலயம். அதைச் செய்தவர் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் வைத்திருந்தார். கோப்பைப் பிரதி எடுத்தபோது அந்த நேரமும் கூடவே வந்துவிட்டது. அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே மதியம் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. அதுவரை ஷீட்டின் "இன்று" எங்களுடைய நேற்று.

உங்களுக்கும் இது இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு வெற்றுக் கட்டத்தில் `=NOW()` என்று போட்டு, வருகிற நேரத்தை உங்கள் மணிக்கூட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கணினியில் `File`, பிறகு `Settings` போய் `Time zone` என்பதைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். அதே இடத்தில் `Locale` என்று ஒன்று இருக்கும். அதையும் தொடாமல் விடாதீர்கள், ஏனென்றால் அடுத்த கோபம் அங்கேதான்.

விசுவமடுவில் ஒரு நிலக்கடலைத் தோட்டம். பனல் ஏற்றியாயிற்று, பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வயரிங் முடிக்க வேண்டும். அதற்குப் போட்ட திகதி 07/06. நாங்கள் எழுதியது ஜூன் 7. `Locale` அமெரிக்காவில் இருந்ததால் ஷீட் விளங்கிக்கொண்டது ஜூலை 6. அதற்கு அடுத்த வரி, ஓடவிட்டுப் பார்த்து ஒப்படைப்பது, 13/06. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் அதை ஷீட் திகதியாகவே எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. திகதி ஷீட்டுக்கு உள்ளே ஒரு எண்தான், எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்து எப்போதும் பெரியது என்பது ஷீட்டின் கணக்கு. ஆகவே அந்த வரி இன்றைக்கும் சிவக்காது, அடுத்த வருடமும் சிவக்காது. பெடியள் சிவப்பை நம்பித்தான் வேலை செய்தார்கள். சிவப்பு வரவில்லை. தோட்டக்கார ஐயாதான் எடுத்தார்: "தம்பி, பனல் எல்லாம் வடிவா நிக்குது, தண்ணி எப்ப வரும்?" கோடை வெயிலில் கடலை வாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் என்ன பதில் சொல்வது? நேரே போய் நின்று அன்றே இறக்கிக் கொடுத்தோம். அந்த ஐயாவின் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுத்தாகிப்போன திகதியைக் கண்ணால் பிடிக்கலாம். உண்மையான திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆனால் வார்ப்புருக்காரர் எல்லாவற்றையும் அழகுக்காக நடுவில் வைத்திருந்தார், அந்த அடையாளமும் போய்விட்டது. இடம் மாறி விழுந்த 07/06 போன்றதைக் கண்ணாலும் பிடிக்க முடியாது. `Locale` என்பதை ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றினால் இனி எழுதுவது நாள், மாதம் என்ற ஒழுங்கில் போகும். ஏற்கெனவே பிழையாக விழுந்தவை தானாகத் திருந்தாது. ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும்.

இப்போது எங்கள் ஷீட்டில் D நிரல் திகதி, E நிரல் சரிப் பெட்டி. `Format` மெனுவில் `Conditional formatting` போய் `Custom formula is` என்பதில் எழுதிய சிவப்புக்கான விதி இது:

```
=AND($D2<>"", $D2<TODAY(), $E2=FALSE)
```

முதல் பகுதி இல்லாவிட்டால் திகதி போடாத வெற்று வரிகள் எல்லாம் சிவந்துவிடும், ஏனென்றால் வெற்றுக் கட்டத்தை அது பூச்சியமாக எடுக்கும். இதற்கு மேலே இன்னொரு விதி வைத்தோம், மஞ்சள் நிறத்துக்கு:

```
=ISTEXT($D2)
```

திகதி எழுத்தாக விழுந்தால் அந்தக் கணமே வரி மஞ்சளாகும். இந்தச் சின்ன வரி தந்த நிம்மதியை வேறு எதுவும் தரவில்லை. அதோடு D நிரலுக்கு `Data validation` இல் செல்லுபடியான திகதி மட்டும் ஏற்கும்படி வைத்தால், கட்டத்தை இரண்டு தரம் தட்ட நாட்காட்டி திறக்கும். தட்டித் தெரிவு செய்கிறவர்களுக்குப் பிழை வருவதில்லை.

சரி, சிவப்பு வரத் தொடங்கிவிட்டது. அப்புறம் வந்த தொல்லை மனிதர்களுடையது. சிவப்பைப் போக்க இரண்டு வழி உண்டு: வேலையை முடித்துச் சரி போடுவது, இல்லையென்றால் திகதியைத் தள்ளி எழுதுவது. இரண்டாவது சுலபம். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, "வெள்ளிக்கிழமை செய்வம்தானே" என்று நினைத்துத் திகதியை வெள்ளிக்கு மாற்றுவார்கள். வெள்ளி வந்தால் திங்களாகும். பட்டியல் முழுக்க வெள்ளையாக, அழகாக இருக்கும், வேலை அப்படியே கிடக்கும். ஒரு வேலை மூன்று தரம் தள்ளிப் போயிருக்கிறது என்பதைப் பட்டியல் எங்கேயும் காட்டாது. இதைத்தான் இந்த வகைப் பட்டியலின் பெரிய குறை என்று சொல்வேன். சிவப்பு நினைவு வைத்திருப்பதில்லை. பிந்தி முடித்தாலும் சரி போட்டவுடன் பிந்தியதன் தடம் அழிந்துவிடும்.

நாங்கள் செய்தது, D நிரலைப் பூட்டியது. `Data` மெனுவில் `Protect sheets and ranges` என்று இருக்கிறது. தோட்டக்காரரிடம் சொன்ன திகதி அதில் இருக்கும், அதை நான் மட்டுந்தான் மாற்றலாம். பெடியள் தள்ளிப் போடுவதாக இருந்தால் பக்கத்து நிரலில் புதுத் திகதியையும் காரணத்தையும் எழுத வேண்டும். சிவப்பு பழைய திகதியைப் பார்த்தே வரும். காரணம் எழுதியிருந்தால் மட்டும் செம்மஞ்சளாகும், அந்த விதியைச் சிவப்புக்கு மேலே வைக்க வேண்டும். இது மாரியில்தான் கைகொடுத்தது. நவம்பரில் மழை பிடித்தால் குழிக்குள் தண்ணீர் நிற்கும், கொங்கிறீற் போட முடியாது. முன்பு பட்டியல் மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடக்க, யாரும் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். இப்போது மழையால் நிற்பது செம்மஞ்சள், நாங்கள் மறந்தது சிவப்பு. வித்தியாசம் தெரிகிறது.

இன்னொன்று, உள்ளூருக்குள் கவரேஜ் இல்லாத இடங்களில் போடுகிற சரி உடனே வராது. புறப்பட முன் போனில் அந்தக் கோப்பை `Make available offline` என்று வைத்தால் அங்கே போட்ட சரி போனிலேயே நிற்கும், வீதிக்கு வந்த பிறகு ஏறும். ஆகவே பின்னேரம் சிவப்பைப் பார்த்து உடனே போன் எடுத்து ஏசக் கூடாது. அவர்கள் ஏ9 வீதிக்கு வந்து சேரட்டும்.

பச்சைப் பட்டையைப் பற்றி நண்பர் தனியாகக் கேட்டிருந்தார், அது வடிவாக இருக்கிறதாம். வார்ப்புருவில் அது எண்ணுவது இப்படி:

```
=COUNTIF(E2:E11,TRUE)/COUNTA(A2:A11)
```

எங்கள் ஒரு வேலைக்குப் பத்து வரி. கிணறு அளப்பது, விலை சொல்வது, முற்பணம் வாங்குவது, சாமான் ஓடர், சாமான் வந்து சேர்வது, இந்த ஐந்தும் ஒவ்வொன்றும் அரை நாள் வேலை. குழி வெட்ட ஒரு நாள், கொங்கிறீற் போட ஒரு நாள், பிரேமும் பனலும் ஏற்ற இரண்டு நாள், பம்ப் இறக்கி வயரிங் செய்ய இரண்டரை நாள், ஒப்படைக்க ஒரு நாள். மொத்தம் பத்து நாள். குழி வெட்டி முடிந்தவுடன் ஆறு சரி விழுந்துவிடும், பட்டை 60 சதவீதம் காட்டும். நாட்கணக்கில் பார்த்தால் மூன்றரை நாள்தான் முடிந்தது, 35 சதவீதம். பாரமான வேலை எல்லாம் கடைசியில் இருக்கிற தொழிலில் பட்டை எப்போதும் கூடத்தான் காட்டும். F நிரலில் நாட்களை எழுதி இப்படி மாற்றினோம்:

```
=SUMPRODUCT(E2:E11*F2:F11)/SUM(F2:F11)
```

இது நேர்மையான எண். ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. கொங்கிறீற் இறுகக் குறைந்தது ஒரு கிழமை நனைத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கிழமை எந்த எண்ணிலும் வராது. தோட்டக்காரருக்குப் பட்டையைக் காட்டிப் பேசினால் "அரைவாசி முடிஞ்சுது" என்று விளங்கிக்கொள்வார். அவருக்கு வேண்டியது தண்ணீர். தண்ணீர் கடைசி வரியில்தான் வருகிறது.

ஆகவே பட்டையைப் போன கிழமை அழித்துவிட்டேன். திருத்திய பிறகும் அழித்தேன். பெடியளில் ஒருவருக்கு அது பிடிக்கும், வருத்தப்பட்டார், எனக்கும் வருத்தம்தான். ஆனால் திரும்பப் போட மாட்டேன்.

நண்பருக்கு: ஷீட்டை எடுங்கள், அந்த இலவச வார்ப்புருவை எடுக்காதீர்கள். வெற்றுக் கோப்பு திறந்து, முதலில் நேரத்தையும் `Locale` என்பதையும் வைத்து, மஞ்சள் விதியும் சிவப்பு விதியும் எழுதி, திகதி நிரலைப் பூட்டிவிட்டுப் பெடியளிடம் கொடுங்கள். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. என்னுடையதன் பிரதி வேண்டுமென்றால் அனுப்புகிறேன், ஆனால் அதில் பட்டை இருக்காது.