மறித்துப் பிடித்த ப்ராக்ஸியும் சொல்லிப் போகும் ப்ராக்ஸியும்: மண்டபத்து ஏற்றுமதி அலுவலகத்தில் கண்டது

மண்டபத்தில் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு கணினிகள், ஒரு பத்து மெகாபிட் லைன். 2022 மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கிடந்து அலுவலகம் சற்று ஓய்ந்திருந்த நாள்களில், எந்தக் கணினி எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பதிவு வேண்டும், கணக்குப் பிரிவில் காலை நேரத்தில் வீடியோ ஓடக் கூடாது என்று முதலாளி சொன்னார். பழைய கணினி ஒன்றில் ஸ்குயிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை நிறுவினேன். கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்புவதுதான் ப்ராக்ஸி. அந்தப் பெயருக்கு ஊசிக் கணவாய் என்று பொருள் சொன்னதும், "நாம் விற்பதை நமக்கே திருப்பி விற்கிறார்களா?" என்று சிரித்தார். இலவசம் என்றதும் அனுமதி கிடைத்தது.

ப்ராக்ஸியில் எக்ஸ்பிளிசிட், டிரான்ஸ்பரன்ட் என்று இரண்டு வகை சொல்வார்கள். தமிழில் பெயர்த்தால் இரண்டுமே 'வெளிப்படை' என்று வந்து நிற்கும் என்பதால், எங்கள் அலுவலகத்தில் முதலாவதைச் சொல்லிப் போவது என்றும் இரண்டாவதை மறித்துப் பிடிப்பது என்றும் அழைக்கிறோம். சொல்லிப் போவதில், பிரவுசருக்கு ப்ராக்ஸி இருப்பது தெரியும். "இந்தப் பெயருள்ள தளத்துக்கு என்னைக் கொண்டுபோய் விடு" என்று அதுவே ப்ராக்ஸியிடம் கேட்கிறது. மறித்துப் பிடிப்பதில் பிரவுசருக்கு ஒன்றும் தெரியாது. அது தளத்தின் ஐபி முகவரியை நோக்கி நேராகக் கிளம்புகிறது, வழியில் அலுவலகத்தின் இணைய வாசலான கேட்வே அதைத் திருப்பி ப்ராக்ஸியிடம் தள்ளிவிடுகிறது. இனி நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவை, தளத்தின் பெயரைப் பிரவுசர் தன் வாயால் சொன்னதா, ப்ராக்ஸி ஊகித்ததா என்ற ஒரே வேறுபாட்டிலிருந்து வந்தவை.

முதல் ஓராண்டு மறித்துப் பிடித்தேன். காரணம் சோம்பல்தான். எந்தக் கணினியையும் தொட வேண்டியதில்லை அல்லவா? முதலில் ப்ராக்ஸி கணினியை ஒரு மூலையில் வைத்து, ரவுட்டரிலிருந்து அதற்குத் திருப்பிப் பார்த்தேன். அது ஓடவே இல்லை. வேறொரு பெட்டியில் முகவரியை மாற்றி அனுப்பினால், இந்த இணைப்பு முதலில் எங்கே போகக் கிளம்பியது என்ற தகவல் வழியிலேயே அழிந்துவிடுகிறது. திருப்பும் வேலை ஸ்குயிட் ஓடும் அதே பெட்டியில் நடக்க வேண்டும். ஆகவே அந்தக் கணினிக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, அதையே கேட்வே ஆக்கினேன்.

```
http_port 3129 intercept
https_port 3130 intercept ssl-bump tls-cert=/etc/squid/proxy.pem
acl step1 at_step SslBump1
ssl_bump peek step1
ssl_bump splice all
```

இது மறைகுறியாக்கத்தை உடைப்பதில்லை. இணைப்பின் தொடக்கத்தில் பிரவுசர் அனுப்பும் தளப் பெயரை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. ஊழியர் கணினிகளில் சான்றிதழ் எதையும் ஏற்ற வேண்டாம். வங்கிப் பக்கங்களை உடைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை, அந்தப் பொறுப்பும் வேண்டாம். டெபியன் லினக்ஸில் இதற்கு சாதாரண squid பொதி போதாது, squid-openssl வேண்டும். அது தெரியாமல் அரை நாள் போனது.

இரண்டு வாரத்தில் புகார் வந்தது. சில தளங்கள் ஒரு தடவை திறக்கின்றன, மறு தடவை திறப்பதில்லை. ஸ்குயிடின் cache.log முழுக்க இந்த வரி:

```
SECURITY ALERT: Host header forgery detected
```

யாரும் எதையும் போலி செய்யவில்லை. பெரிய தளங்கள் ஒரே பெயருக்குப் பல ஐபி முகவரிகளை மாற்றி மாற்றித் தருகின்றன. ஊழியரின் கணினி, பெயருக்கு முகவரி சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்டு ஒரு முகவரிக்குக் கிளம்புகிறது. ஸ்குயிட் அதே பெயரை வேறொரு சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கிறது. விடை பொருந்தாவிட்டால் ஏதோ சூது என்று இணைப்பை நம்ப மறுக்கிறது. கேட்வேயிலேயே ஒரு டிஎன்எஸ் சர்வரை ஓடவிட்டு, கணினிகளும் ஸ்குயிடும் அதை மட்டுமே கேட்கும்படி செய்ததும் புகார் பெருமளவு குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. விடையை நிமிடத்துக்கொரு முறை மாற்றும் தளங்களில் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது.

பதிவும் மனதுக்கு நிறைவாக இல்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு வரிகள் விழுந்தன: வெறும் ஐபி எண்ணோடு ஒன்று, எட்டிப் பார்த்த பெயரோடு இன்னொன்று. வரிகளை எண்ணிக் கணக்குப் போட்டால் இரட்டிப்பாகிவிடும். இதைவிட மோசம், யூடிபி 443 வழியே போகும் புதுவகைப் போக்குவரத்து ப்ராக்ஸி பக்கமே எட்டிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. முதல் நான்கு மாதப் பதிவில் வீடியோ மிகக் குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம் ஊழியரின் ஒழுக்கம் அல்ல. யூடிபி 443-ஐ அடைத்தேன், பிரவுசர்கள் பழைய வழிக்குத் திரும்பின, மறுநாளே வீடியோ பதிவில் தலைகாட்டியது.

2023 தடைக்காலத்தில் அலுவலகக் கணினிகளைச் சொல்லிப் போகும் வழிக்கு மாற்றினேன். இயல்பாக வரும் போர்ட் விதிகளுக்குக் கீழே எழுதியது இவ்வளவுதான்:

```
http_port 3128
acl office src 192.168.10.0/24
acl accounts src 192.168.10.21-192.168.10.26
acl morning time MTWHFA 09:00-13:00
acl video dstdomain .youtube.com
http_access deny accounts morning video
http_access allow office
http_access deny all
```

இத்தோடு கேட்வேயில் நேரடியாக வெளியே போகும் 80, 443 போர்ட்கள் இரண்டையும் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், அமைப்பில் ப்ராக்ஸியை நீக்கத் தெரிந்த எவரும் நடந்து வெளியே போய்விடுவார். முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபியில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரி ஒதுக்கினேன். பதிவு வைக்கப்படுகிறது என்று வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஓர் அறிவிப்பும் ஒட்டினோம்.

வலி இங்கேயும் உண்டு. கணக்கு மென்பொருளின் உரிமப் புதுப்பிப்புக்கு ப்ராக்ஸி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதன் சர்வருக்கு மட்டும் நேர்வழி திறந்துவிட்டேன். கணக்கர் அண்ணனின் மடிக்கணினியில் ப்ராக்ஸி முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தேன். இரவு கீழக்கரை வீட்டிலிருந்து அழைத்து, "தம்பி, வீட்டில் நெட்டே வரவில்லை" என்றார். அவருக்கு மட்டும் தானியங்கி அமைப்புக் கோப்பு ஒன்றைக் காட்டிவிட்டேன். வீட்டில் அந்தக் கோப்பு எட்டாது, பிரவுசர் நேரே போய்விடும். தடுத்த தளத்தைத் திறந்தால், "இது அனுமதிக்கப்படவில்லை" என்று நான் அழகாக எழுதிய பக்கம் வருவதில்லை. ERR_TUNNEL_CONNECTION_FAILED என்றுதான் வருகிறது. மறைகுறியாக்கிய இணைப்பைக் கோரும்போது ப்ராக்ஸி தரும் மறுப்புப் பக்கத்தைப் பிரவுசர் காட்டுவதில்லை. லைன் போய்விட்டது என்று முதல் மாதம் முழுக்க என்னை அழைத்தார்கள்.

ஆனால் பதிவு தெளிந்தது. ஓர் இணைப்புக்கு ஒரு வரி, பிரவுசரே சொன்ன பெயர், அதைக் கேட்ட கணினியின் முகவரி. 2024 மார்ச் 12 அன்று அதன் மதிப்பும் தெரிந்தது, அதைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

அன்று காலை ஒரு கன்டெய்னருக்கான ஆவணங்களை ஏற்ற வேண்டும். பத்தே முக்காலிலிருந்து லைன் திணறியது. முதலாளி கொதித்துப்போனார். பகல் பன்னிரண்டுக்குப் பதிவைத் திறந்து, பதினொன்று முதல் பதினொன்றரை வரையிலான வரிகளைப் பார்த்தோம். அதிகமான வரிகள் 192.168.10.22 பெயரில், அதாவது கணக்கர் அண்ணன். அவர் முகம் சுருங்கியது. "நான் வரிக் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலாளி" என்றார். அவர் சொன்னது உண்மை. வரிகள் பல, பைட்டுகள் சில மெகாபைட் மட்டுமே. இன்னும் கீழே இருந்தது இந்த வரி (தளத்தின் பெயரையும் முகவரியையும் மாற்றியிருக்கிறேன்):

```
1710224520.417 4320118 192.168.10.34 TCP_TUNNEL/200
 3780441209 CONNECT drive.example.com:443
 - HIER_DIRECT/203.0.113.20 -
```

முதல் எண் யூனிக்ஸ் நேரம். நம் நேரத்தில் 11:52. ஆனால் ஸ்குயிட் ஒரு சுரங்க இணைப்பைப் பதிவேட்டில் எழுதுவது அது மூடும்போதுதான். இரண்டாவது எண்தான் அது ஓடிய மில்லிவினாடிகள்: 43,20,118, ஏறத்தாழ 72 நிமிடம். 11:52-இலிருந்து 72 நிமிடம் பின்னே போனால் 10:40. லைன் திணறத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். கணினிக்குப் போய்ச் சேர்ந்த 378 கோடி பைட்டுகளை 4,320 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 8.75 லட்சம் பைட், அதாவது ஏழு மெகாபிட். பத்து மெகாபிட் லைனில் ஏழு. பதினொன்று முதல் பதினொன்றரைக்குள் தேடியவர்களின் கண்ணில் அது படாமல் போனதில் வியப்பில்லை. அந்த நேரத்தில் அந்த வரி பதிவேட்டில் எழுதப்படவே இல்லை.

34 என்பது தரப் பரிசோதனை அறையின் கணினி. அங்கே வேலை பார்க்கும் தங்கச்சி அந்நேரம் நண்டுச் சதை பிரிக்கும் கூடத்தில் இருந்தார். முந்தைய நாள் அந்தக் கணினிக்கு விண்டோஸை மறுபடி நிறுவியது நான். நிறுவியதும் மேகக் கிடங்கிலிருந்த மூன்றாண்டுப் பொதிப் புகைப்படங்களை அது தானே இறக்கத் தொடங்கியிருக்கிறது. குற்றவாளி நான்தான் என்று சொல்லி, கணக்கர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். முகவரி ஒரு கணினியைத்தான் காட்டும், அதன் முன்னே உட்கார்ந்திருந்தவரைக் காட்டாது. ஆளின் பெயர் வேண்டுமென்றால் ப்ராக்ஸியில் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்க வேண்டும். அதைச் சொல்லிப் போகும் வகையில் மட்டுமே செய்ய முடியும். மறித்துப் பிடிக்கும்போது, தான் ப்ராக்ஸியிடம் பேசுவதே பிரவுசருக்குத் தெரியாது. கேட்டாலும் விடை தராது.

இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். அலுவலகக் கணினிகள் 3128 வழியே சொல்லிப் போகின்றன. வாங்க வரும் வியாபாரிகளின் போன்கள் தனி வைஃபையில் மறித்துப் பிடிக்கப்படுகின்றன. அந்தப் பதிவை ஆள் தேட நான் பயன்படுத்துவதில்லை. சில போன்கள் தங்கள் வைஃபை அடையாளமான மேக் முகவரியை மாற்றிக்கொள்வதால் இன்று 51 ஆக இருந்தவர் நாளை 63 ஆக வரலாம். அங்கே தளத் தடை மட்டும் போதும்.

கடைசியாக ஏமாந்தது இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்றில். மாடியில் சிக்னல் இல்லை என்று யாரோ ஒரு வைஃபை ரவுட்டரை வாங்கி, கேபிளை அதன் WAN துளையில் செருகிவிட்டார்கள். அது தனியாக முகவரி மாற்றம் செய்ய, மாடியில் இருந்த ஐந்து கணினிகளும் பதிவில் 192.168.10.9 என்ற ஒரே ஆளாகிவிட்டன. அந்த முகவரி இடைவெளியே இல்லாமல் இரவு பகலாக உலாவியதைப் பார்த்துத்தான் பிடித்தேன். கேபிளை LAN துளைக்கு மாற்றி, அந்த ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்ததும் ஐவரும் தனித்தனியே வந்துவிட்டார்கள். WAN துளையில் இப்போது, ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஒட்டும் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது.