தென்னாப்பிரிக்காவில் வண்டிக் கடனை முன்னதாக அடைக்க மூன்று வழிகள்: எதில் எவ்வளவு போகும்?

டர்பன் பக்கம் கையில் கொஞ்சம் மொத்தப் பணம் சேர்ந்தால் முதலில் வண்டிக் கடனை அடைத்துவிடத்தான் தோன்றும். வங்கிக்குப் போன் போட்டால் ஒரு தொகை சொல்வார்கள். பாக்கி என்று நாம் நினைத்திருந்ததைவிட அது சில ஆயிரம் ரேண்ட் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் சட்டப்படி வாங்கக்கூடியதுதான். ஆனால் அதைக் கட்டாமல் தவிர்க்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், 34ஆம் எண் சட்டம், கடன்களைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கிறது. வண்டிக் கடனில் அசல் 2,50,000 ரேண்டோ அதற்கு மேலோ இருந்தால் அது பெரிய கடன். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தைப் பெரிய கடனில் மட்டுமே வாங்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் எந்த நாளிலும், நோட்டீஸ் இல்லாமலும், அன்றைய பாக்கியையும் அன்றுவரைக்குமான வட்டியையும் கட்டணங்களையும் மட்டும் கட்டி முடித்துக்கொள்ளலாம். அவர்கள் நேராகக் கடைசித் தொகை, பத்திரம் பற்றிச் சொல்லும் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கணக்கில் எடுப்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அசல். இன்றைய பாக்கி அல்ல, வண்டியின் விலையும் அல்ல. கடன் தொடங்கும்போது வாங்கும் கட்டணம், நீட்டித்த வாரண்டி, பதிவு மற்றும் லைசன்ஸ் செலவு, கடன் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றை அசலோடு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. முன்பணம் போக 2,44,000 ரேண்டுக்குக் கடன் எடுத்தவர், வாரண்டியையும் மற்றதையும் அதிலேயே போடச் சொல்லியிருந்தால், தெரியாமலே 2,50,000ஐத் தாண்டியிருப்பார். கையெழுத்துப் போடும் முன் கொட்டேஷனில் அசல் என்ற வரியைப் பார்த்து, வாரண்டியைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்கினாலே இந்தத் தொல்லை வராது.

பெரிய கடன் என்றால் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. கடனை முடிக்கப்போவதாக நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த நோட்டீஸ் காலத்தை மூன்று மாதத்திலிருந்து கழித்து, மிஞ்சும் காலத்துக்கான வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 125ஆம் பிரிவு. நோட்டீஸே இல்லையென்றால் மூன்று மாத வட்டி. ஒரு மாத நோட்டீஸ் என்றால் இரண்டு மாத வட்டி. முழு மூன்று மாதம் கொடுத்தால் ஒன்றுமில்லை. இது வரம்புதான். வங்கி குறைத்தும் வாங்கலாம், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்த அசல் 3,40,000 ரேண்ட், இன்றைய பாக்கி 2,40,000, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், மாதத் தவணை 7,500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே முடிப்பது முதல் வழி. ஒரு நாள் வட்டி சுமார் 79 ரேண்ட், 90 நாளுக்குச் சுமார் 7,100. ஆக 2,47,100 கட்ட வேண்டும். செட்டில்மெண்ட் தொகை கேட்டால் வங்கி ஐந்து வேலை நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும்; தந்த தொகைக்கு ஐந்து வேலை நாள் கட்டுப்பட வேண்டும். அசல், வட்டி, முடிப்புக் கட்டணம் மூன்றையும் தனித்தனி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கடைசியில் மொத்தமாகக் கட்டும் பலூன் தொகை உங்கள் கடனில் இருந்தால் அதுவும் இந்தத் தொகைக்குள் வரும். "மாதாமாதம் இவ்வளவு கட்டியும் இவ்வளவு பாக்கியா?" என்று பலர் திகைப்பது அதனால்தான்.

மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது இரண்டாவது வழி. இதில் 7,100 ரேண்ட் மிச்சம் என்று நினைப்பவர்கள் அதிகம், அது சரியல்ல. கட்டணம் இல்லைதான், ஆனால் அந்த மூன்று மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? தவணை கட்டிக்கொண்டே வந்தால் முதல் மாதம் 2,400, அடுத்து 2,349, அடுத்து 2,297, ஆக 7,046 ரேண்ட் வட்டி. மாதச் சேவைக் கட்டணம் வேறு, வாட் வரியோடு 69 ரேண்ட் வரை. முதல் வழிக்கும் இதற்கும் உண்மையான வித்தியாசம், பணம் அந்த மூன்று மாதம் உங்களிடம் இருப்பது மட்டுமே. ஏழு சதவீதம் வட்டி தரும் கணக்கில் போட்டு வைத்திருந்தால் நாலாயிரம் ரேண்ட் போலத் திரும்பி வரும், அவ்வளவுதான். பணம் இன்னும் கைக்கு வராதவர்களுக்கு இந்த வழி மிகப் பொருத்தம். வீடு விற்று வர வேண்டியது, ஓய்வுக்கால நிதி என்று ஏதாவது வரப்போகிறதென்றால் இன்றே நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் கொடுக்கப் பணம் தேவையில்லை. முடிக்கும் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள், பெற்றதற்கான பதிலையும் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்ன நோட்டீஸ் மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

மூன்றாவது வழியை வங்கி ஊழியர் தாமாகச் சொல்ல மாட்டார். 126ஆம் பிரிவின்படி, கடனில் எவ்வளவு தொகையை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸும் அபராதமும் இல்லாமல் முன்கூட்டிக் கட்டலாம். வங்கி அதை ஏற்றே ஆக வேண்டும். அந்தப் பணம் முதலில் நிலுவை வட்டிக்கும், அடுத்து நிலுவைக் கட்டணங்களுக்கும், மீதி முழுதும் அசலுக்கும் போக வேண்டும். ஆக இன்று 2,16,000 ரேண்டை இப்படிக் கட்டி, 24,000ஐ மட்டும் விட்டு வையுங்கள். அதே நாளில் மூன்று மாத நோட்டீஸும் கொடுங்கள். தவணை வழக்கம்போல வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். வட்டி முதல் மாதம் 240, அடுத்து 167, அடுத்து 94. மூன்றாம் தவணை போனபின் சுமார் 2,000 ரேண்ட் நிற்கும். அதைக் கட்டி முடிக்கலாம். மொத்த வட்டி 500 ரேண்ட், மூன்று மாதச் சேவைக் கட்டணம் 207. ஏழாயிரம் போன இடத்தில் எழுநூறு!

மூன்று மாதம் காத்திருக்க முடியாது, வண்டியை வாங்க ஆள் நிற்கிறார் என்றாலும் இதே வழி உதவும். பெரும்பகுதி அசலில் வரவானது ஸ்டேட்மெண்டில் தெரிந்தபின் செட்டில்மெண்ட் தொகை கேளுங்கள். அப்போது கட்டணம் 24,000க்கு மூன்று மாத வட்டி, அதாவது 710 ரேண்ட் அளவுதான் வரும்.

இது தவறிப்போவது எங்கே என்றால், பணம் உள்ளே போகும் விதத்தில்தான். சொல்லாமல் கட்டினால் சில கணக்குகளில் அது முன்கூட்டிய தவணையாக நிற்கும். அசல் குறையாது, வட்டி பழையபடியே ஓடும். கட்டும் முன்பே "இது 126ஆம் பிரிவின் கீழ் முன்செலுத்தல், செட்டில்மெண்ட் அல்ல, அசலில் வரவு வைக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்பி, இரண்டு மூன்று நாளில் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். பாக்கி குறைந்ததால் தவணையையும் குறைத்துவிட்டால் கடைசியில் கட்ட வேண்டியது கூடும். தவணையை மாற்ற வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். வங்கி பிடிவாதமாக மறுத்தால் அதன் உள் புகார்ப் பிரிவு, அதற்கு மேல் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு.

கையில் பணம் இருந்தால் மூன்றாவது, இல்லையென்றால் இரண்டாவது. முதலாவதை ஒரே மூச்சில் தலைமுழுக நினைப்பவர்களுக்கு விட்டுவிடலாம். கம்பெனி பேரில் கடனில் எடுத்த பக்கி என்னும் சிறு சரக்கு வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நிறுவனம் எடுத்த பெரிய கடன் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

எந்த வழியானாலும் கடைசித் தொகையில் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பணம் திங்கட்கிழமை வரவானால், இடைப்பட்ட நாள் வட்டி நிற்கும். முப்பது ரேண்ட் குறைந்தாலும் கணக்கு மூடப்படாது, வண்டிப் பத்திரமும் வங்கியிலிருந்து வெளியே வராது. கணக்கு பூஜ்யம் என்ற கடிதம் வரும்வரை தானியங்கித் தவணையை நிறுத்தாதீர்கள். ஒன்று அதிகமாகப் போனால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இனிப் பத்திரம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கேயும் படிவம் 35, என்.ஓ.சி. என்று தேடுவார்கள். இங்கே முறை வேறு. வண்டிப் பதிவுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும்: டைட்டில்ஹோல்டர் என்று வங்கி, ஓனர் என்று நீங்கள். கடன் முடிந்தால் டைட்டில்ஹோல்டர் இடத்துக்கு உங்கள் பெயர் வர வேண்டும். கடன் முடிந்ததென்று வங்கி கடிதம் கொடுத்தாலே அது தானாக மாறிவிடாது.

வங்கியிடமிருந்து ஆர்.சி.1 என்னும் அந்த மூலப் பதிவுச் சான்றிதழும், வங்கிப் பிரதிநிதி கையெழுத்திட்ட என்.சி.ஓ. என்னும் உரிமை மாற்ற அறிவிப்பும் வர வேண்டும். கையெழுத்து இல்லாமல் வந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். அவற்றோடு வண்டிப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் ஆர்.எல்.வி. படிவம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, கடன் முடிந்த கடிதம், கட்டணம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு லைசன்ஸ் அலுவலகம் போக வேண்டும். உரிமை மாறிய 21 நாளுக்குள் போய்விடுங்கள். ஓனர் மாறாததால், வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனை தேவையில்லை. லைசன்ஸ் டிஸ்க் பாக்கியோ, அபராதத்துக்கான தடையோ இருந்தால் அதைத் தீர்க்காமல் வேலை நகராது. வரிசையில் நிற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இந்த வேலையை ஏஜெண்டிடமும் கொடுக்கலாம், நீங்களாகவும் செய்யலாம். ஓனர் நீங்களாகவே இருக்கும்போது இது ஒரு காலை நேர வேலை. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. வண்டியை டீலரிடம் மாற்றிக்கொடுப்பவர்களுக்கு மட்டும், கடனை அடைத்துப் பத்திரம் வாங்குவதை டீலரே பார்த்துக்கொள்வது வசதி. ஆனால் அவர் இன்றே அடைத்தால் மூன்று மாத வட்டி உங்கள் தலையில்தான் விழும். பேரம் பேசும் முன்பே மூன்றாம் வழியில் பாக்கியைக் குறைத்துவிடுவது நல்லது.

புதுச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் இரண்டு இடத்திலும் உங்கள் பெயர், அடையாள எண், சேஸிஸ் எண் சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் காப்பீட்டிலும் வங்கியின் பெயர் குறித்து வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் விட்டால், வண்டி முழுதும் நொறுங்கிப்போகும் நாளில் காப்பீட்டுப் பணம் முதலில் வங்கிக்கு என்று போய் நிற்கும். கடன் முடிந்த கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பி, வங்கிப் பெயர் இல்லாத புதுப் பாலிசி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கடனோடு சேர்த்து எடுத்த கடன் காப்பீடு இருந்தால் அதே கடிதத்திலேயே அதையும் ரத்து செய்யச் சொல்லுங்கள்.